எதுவுமே ஒட்டலை, அண்ணா

தங்கைக்கு மகள் பிறந்த ஆறாம் நாள் கூகுள் ஷீட்டில் ஒரு பெயர்ப் பட்டியல் போட்டு அனுப்பினேன். 42 பெயர்கள். பிள்ளைக்கு மிருகசீரிட நட்சத்திரம். பஞ்சாங்கப்படி வே, வோ, கா, கி என்று நான்கு எழுத்துகள். வோ-வில் தொடங்கும் தமிழ்ப் பெயர் எனக்குக் கடைசி வரை அகப்படவில்லை. அதனால் மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, 'கா' என்றால் 'க'வும் சேர்த்தி, 'கி' என்றால் 'கீ'யும் சேர்த்தி என்று எல்லோரும் செய்கிற சலுகையை நானும் எடுத்துக்கொண்டேன். பெயர், பொருள், ஆங்கில எழுத்துக்கூட்டல், எண் என நான்கு கட்டம். எண் கணிதப்படி 8 வந்த பெயர்களுக்குச் சிவப்பு அடித்திருந்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. பதினோரு நொடி. "பார்த்தேன் அண்ணா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுவுமே மனசுல ஒட்டலை. வேற ஏதாவது அனுப்பேன்."

கோவையில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துவது என் வேலை. சொற்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் பெயர் வைப்பது என் தலையில் விழுந்தது. தாய்மாமன் வேறு. ரோஷத்தோடு மறுபடி உட்கார்ந்து இன்னும் 35 பெயர்கள் தேடி அனுப்பினேன். இம்முறை புனேயிலிருந்து மாப்பிள்ளையும் கோவில்பட்டியிலிருந்து அவருடைய அம்மாவும் கருத்துச் சொன்னார்கள். தங்கை, "எல்லாம் பழசா இருக்கு" என்றாள். மாப்பிள்ளை, "கொஞ்சம் கனமா இருக்கு மச்சான்" என்றார். அத்தை, "வாயில நிக்க மாட்டேங்குதே தம்பி" என்றார். மூன்று பேர், மூன்று சொல், 77 பெயர்கள். ஒன்றும் தேறவில்லை.

மூன்றாவது பட்டியலுக்கு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பழசு என்றால் எது, கனம் என்றால் எது என்று தெரியாமல் இன்னும் நூறு பெயர் அனுப்பினாலும் நூறும் திரும்பித்தான் வரும். எங்கள் வேலையிலும் இது உண்டு. "இந்தப் பத்தி சரியா வரலைங்க" என்று எழுத்தாளர் சொல்வார். வேறு மாதிரி எழுதிக் காட்டினால் அதுவும் சரியில்லை என்பார். அந்தப் பத்தியையே அவர் எதிரில் வைத்து, "எந்த வரி வரைக்கும் சரி?" என்று விரலை வைத்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் நின்றுவிடுவார். இந்தப் பெயர்களிலும் அப்படி விரல் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. புதுப் பெயர் எதுவும் தேடக்கூடாது, தள்ளிய பெயர்களைத்தான் கிளற வேண்டும்.

முதலில் தங்கை. எது பிடிக்கிறது என்று கேட்கவில்லை. அவள் பழசு என்று தள்ளிய பெயர்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். கலா, கீதா, கவிதா, கலைச்செல்வி, கல்பனா, காஞ்சனா. அதே பட்டியலில் காமாட்சியும் காதம்பரியும் வேதவல்லியும் இருந்தன. மூன்றும் கீதாவையும் கல்பனாவையும் விட எவ்வளவோ பழைய பெயர்கள். அவற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்படியென்றால் வயது பிரச்சினை இல்லை. "கல்பனா, வேதவல்லி ரெண்டுல எது பழசு?" என்று கேட்டேன். "கல்பனா" என்றாள் உடனே. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "எனக்கு ஆறாவதுல கணக்கு எடுத்தவங்க பேரு கல்பனா. கீதா நம்ம எதிர் வீட்டு அத்தை. கலா பெரியம்மா."

அவள் பழசு என்று சொன்னது எங்கள் அம்மா தலைமுறையை. கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனவர்கள், பிரம்பு வைத்திருந்தவர்கள், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் பெயரெல்லாம் அவளுக்குப் பழசு. அதற்கும் முந்தைய பாட்டிகள் பெயர் பழசு இல்லை, அவளுக்கு அதில் முகம் எதுவும் இல்லை. இதை ஷீட்டின் மேல் வரியில் எழுதினேன்: "நமக்கு நேரில் தெரிந்த பெரியவர்கள் யாருடைய பெயராகவும் இருக்கக்கூடாது." "பழசா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு ஒரு பெயரையும் என்னால் தள்ள முடியாது, ஒரு பெயரையும் வைக்கவும் முடியாது. இந்த வரியை வைத்துக்கொண்டு அவளைக் கேட்காமலேயே தள்ளலாம். தள்ளினேன், 21 பெயர்கள் போயின.

ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. நான் எழுதிய வரி உண்மையிலேயே அவளுடையதா, எனக்கு வசதியாக நானே கட்டியதா? அதனால் ஒரு சோதனை. இரண்டு பெயர் அனுப்பினேன். கமலா, என் கணக்குப்படி தள்ளுவாள். சித்தி ஒருத்தர் இருக்கிறார். கண்ணாத்தா, என் கணக்குப்படி பழசு என்று சொல்ல மாட்டாள். பதில் வந்தது. "கமலா வேண்டாம். கண்ணாத்தா... ஐயோ, நல்லா இருக்கு, ஆனா ஸ்கூல்ல ஓட்டுவாங்களே அண்ணா." ஓட்டுவார்கள் என்பது வேறு குறை. பழசு என்று அவள் சொல்லவில்லை. அது போதும்.

மாப்பிள்ளையின் 'கனம்' இவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை. அவர் கனம் என்று சொன்னவை கயல்விழி, கனிமொழி, கவின்மொழி, வேல்விழி. நீளம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அப்படி எழுதியும் வைத்துவிட்டேன்: "நான்கு எழுத்துக்கு மேல் வேண்டாம்." பிறகு சரிபார்க்கலாம் என்று காதம்பரியை அனுப்பினேன். "இது நல்லா லேசா இருக்கு மச்சான்" என்றார். எண்ணிப் பார்த்தால் காதம்பரி ஐந்து எழுத்து, வேல்விழி நான்குதான். நான் எழுதிய விதி ஒரே பெயரில் உடைந்தது. அடுத்து, இரண்டு சொல் சேர்ந்த பெயர் என்பதுதான் பாரம் போலிருக்கிறது என்று நினைத்து கயல்மதியை அனுப்பினேன். "பரவாயில்லையே" என்றார். அதுவும் இல்லை.

கயல்விழி கனம், கயல்மதி கனமில்லை. இரண்டிலும் முதல் பாதி ஒன்றுதான். ஆக, சங்கதி 'விழி'யில் இருக்கிறது. அந்த நான்கு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். விழி, மொழி, மொழி, விழி. எல்லாவற்றிலும் ழ. உறுதிப்படுத்திக்கொள்ள நட்சத்திர எழுத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு யாழினியை அனுப்பினேன். சின்னப் பெயர், ஒரே சொல், இன்றைக்கு நாலு வீட்டில் ஒரு வீட்டில் கேட்கிற பெயர். ஒன்றைச் சோதிக்கும்போது மற்ற விதிகளை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் எது எதைத் தள்ளியது என்று தெரியாது. பதில் வந்தது: "இதுவும் கொஞ்சம் கனம்தான்."

அன்று இரவே போன் போட்டேன். "மாப்பிள்ளை, ழ-தானே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். அவர் பெயரிலும் ஒரு ழ இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் zh என்று எழுதுவது நம் ஊர் வழக்கம், நமக்கு அது உறுத்துவதில்லை. புனேயில் அலுவலகத்துக்குப் போன முதல் நாளிலிருந்து அந்த z அவரைப் படுத்துகிறது. சிலர் இஸட்டையும் ஹெச்சையும் தனித்தனியாக உச்சரிப்பார்கள். சிலர் பாதியில் நிறுத்திவிட்டு, "நீங்களே சொல்லுங்கள்" என்பார்கள். வங்கியில் டோக்கன் கூப்பிடும்போது அவர் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு இடைவெளி விழும். அதைக் கேட்டே எழுந்துவிடுவாராம். "என் பொண்ணுக்கும் அந்த இடைவெளி வேண்டாம் மச்சான். ஆனா ழ வேண்டாம்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? தமிழையே வேலையா வெச்சிருக்கவரு. அதான் கனம்னு சொல்லிட்டேன்."

மழுப்பலான சொல்லை நான் அதுவரை, காரணம் தெரியாதவர்கள் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். இவருக்குக் காரணம் முதல் நாளே தெரியும், வாயால் சொல்லத்தான் கூச்சம். கூச்சப்படுகிறவரிடம் "ஏன் பிடிக்கலை?" என்று எத்தனை முறை கேட்டாலும் இன்னொரு மழுப்பல்தான் வரும். ஜோடி ஜோடியாகப் பெயரைக் கொடுத்து எது தேவலை என்று மட்டும் கேட்டதால்தான், அவர் சொல்லாமலே சொன்னார்.

சரி, விதியை எப்படி எழுதுவது? "ழ வேண்டாம்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை என்பது ஒருபுறம். அவர் பயந்தது அந்த இடைவெளிக்குத்தான், ழ அதற்கு ஒரு காரணம், அவ்வளவே. வேறு எழுத்தாலும் அது விழலாம். அதனால் இப்படி எழுதினோம்: "ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், தமிழ் தெரியாத ஒருவர் முதல் தடவையே ஏறக்குறையச் சரியாக வாசிக்க வேண்டும்." இதைச் சோதிக்க முடியும் என்பது இதன் நல்ல குணம். மாப்பிள்ளை மீதியிருந்ததில் பதினைந்து பெயர்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு மூன்று பேரிடம் போனார். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் மராத்திக்கார அம்மா, கீழே வாசல் காவலர், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். தாளைக் கொடுத்து, "வாசியுங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டும், தாம் ஒருமுறைகூட உச்சரிக்கக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். காதில் ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு எல்லோரும் சரியாகத்தான் வாசிப்பார்கள்.

முடிவு எங்கள் ஊகத்தைத் தலைகீழாக்கியது. ழ இல்லாத, நாங்கள் எளிது என்று நினைத்த சின்னப் பெயர்கள்தான் அதிகம் தடுக்கின. KAYAL மூவரிடமும் 'காயல்' ஆனது. நம் குறில் அகரத்தை ஆங்கில a காட்டுவதில்லை, சின்னப் பெயரில் முதல் எழுத்தை நீட்டி வாசிக்கத்தான் யாருக்கும் தோன்றுகிறது. KANI இன்னும் மோசம். அதை அப்படி நீட்டினால் இந்தியிலும் மராத்தியிலும் ஒற்றைக் கண்ணுள்ள பெண் என்று பொருள் வரும். காவலர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். VEDA எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. எதிர் வீட்டு அம்மா அதை இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார். ஒன்று வேதம். இன்னொன்று 'வேடா', மராத்தியில் பைத்தியக்காரன். ஆங்கில d-க்கு த-வும் உண்டு, ட-வும் உண்டு, எது என்று அது சொல்லாது. KALYANI-யை மூவரும் தடையில்லாமல் வாசித்தார்கள். ஆனால் அங்கே அது குடும்பப் பெயராகவும் இருக்கிறது, புனேயில் கல்யாணி நகர் என்று ஒரு பகுதியும் இருக்கிறது. "பொண்ணு பேரைச் சொன்னா எந்த ஏரியான்னு கேப்பாங்க" என்று தங்கை அதைத் தானே அடித்தாள்.

இந்தப் பதினைந்து பெயர்ச் சோதனைக்கு ஒரு மாலைப் பொழுதுதான் ஆனது. இரண்டு வாரம் நாங்கள் நால்வரும் போனில் பேசியதைவிட அதில் அதிகம் தெரிந்தது.

அத்தையிடம் இந்த ஷீட், ஜோடி எதுவும் எடுபடாது. அவருக்குப் பெயர் என்பது கண்ணால் பார்ப்பதில்லை. "வாயில நிக்கலை" என்று அவர் தள்ளியவை கயல், கவின், காந்தள், கனல். "அத்தை, நீங்க எப்படிக் கூப்பிட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். "எப்படின்னா? இப்படித்தான்" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டின் பின்பக்கம் போய், புழக்கடைக் கதவிலிருந்து தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ கயலூ!" பிறகு என்னிடம், "கேட்டியா தம்பி, கயலுன்னு ஆயிருச்சு. கவினுன்னா கவினூ. காந்தளுன்னா காந்தளூ. பேரு ஒண்ணா இருக்கு, கூப்பிட்டா வேற ஒண்ணா இருக்கு."

மெய்யெழுத்தில் முடியும் பல சொற்களுக்குப் பேச்சில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். பால் பாலு ஆகிறது, கல் கல்லு ஆகிறது. பெயரும் அப்படியே. நான் எழுத்தில் பார்த்துக்கொண்டிருந்ததால் இது எனக்குத் தோன்றவே இல்லை. இகரத்தில் முடியும் பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை, அது விளிக்கும்போது தானாக நீளும். நம்பி நம்பீ ஆகும் என்று இலக்கணத்தில் படித்ததைத்தான் அத்தை புழக்கடையில் நின்று செய்துகொண்டிருந்தார். ஆகாரத்தில் முடிவதற்கு அதுவும் வேண்டாம், ஏற்கெனவே நெடில். எழுதிக்கொண்டேன்: "தெருமுனை வரை கூப்பிட்டால் உருமாறக்கூடாது, உயிரில் முடிய வேண்டும்." நானும் மொட்டை மாடிக்குப் போய் மீதிப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். எழுதி வைத்ததை வாசிப்பது வேறு, அடிவயிற்றிலிருந்து கூப்பிடுவது வேறு. கீர்த்தனா கத்திக் கூப்பிட முடியாத பெயர். ர்த் என்று சேருமிடத்தில் மூச்சு மாட்டிக்கொள்கிறது. கவிதா என்று அத்தை கூப்பிட்டபோது பக்கத்து வீட்டிலிருந்து நிஜமாகவே ஒரு கவிதா, "என்ன பெரியம்மா?" என்று வந்து நின்றது. அது ஏற்கெனவே தள்ளிய பெயர்தான், இருந்தாலும் இப்போது முழுக்க ஒழிந்தது.

மூன்று விதி ஆயிற்று. 77 பெயர்களையும் மறுபடி முதலிலிருந்து அவற்றில் ஓட்டினேன். தேறியவை காமாட்சி, காதம்பரி, இரண்டே இரண்டு. காமாட்சி என் அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற பெயர், அதைச் சொல்லிப் பிள்ளையைத் திட்ட முடியாது என்று அம்மாவே விலக்கிவிட்டாள். காதம்பரி மட்டும் நின்றது. மூவருக்கும் ஆட்சேபணை இல்லை, மூவருக்கும் ஆசையும் இல்லை. தங்கை, "சரி, அதையே வெச்சிரலாம்" என்றாள். அவள் 'சரி' சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நாள் வேறு நெருங்குகிறது என்று எல்லோரும் பதறினார்கள். அந்தப் பதற்றம் தேவையற்றது. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதை எடுத்துச் சொல்லி ஒரு வாரம் வாங்கினேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் ஷீட்டை வெறுமனே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு அடித்த வரிகள் கண்ணில் பட்டன. ஒன்பது பெயர்கள். அவற்றைப் பழசு என்றோ கனம் என்றோ யாரும் சொல்லவில்லை. புதிய விதிகளில் ஓட்டியபோது நானும் அவற்றைத் தாண்டித்தான் போயிருந்தேன். மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டேன்: எட்டு வரக்கூடாது என்று உங்களில் யார் சொன்னது?

தங்கை, "அத்தைக்காகத்தானே?" என்றாள். அத்தை, "எனக்கு என்னத்தத் தெரியும் அந்தக் கணக்கெல்லாம்? அவன் படிச்சவன், அவன்தான் பார்க்கச் சொல்லியிருப்பான்" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். "மச்சான், முதல் லிஸ்ட்லயே எண் போட்டு, எட்டுக்குச் சிவப்பு அடிச்சு அனுப்பினது நீங்கதான். நீங்க பார்ப்பீங்க போலன்னு நாங்க வாயை மூடிக்கிட்டோம்."

உண்மை. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. பெயர்ப் பட்டியல் என்றால் எண் கட்டம் இருக்கும் என்று போட்டேன், எட்டு என்றால் ஆகாது என்று ஊர் சொல்வதால் சிவப்பு அடித்தேன். யாருக்கும் வேண்டாத விதி ஒன்று மூன்று சுற்று எங்கள் கூடவே வந்து, ஒன்பது பெயரை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் முதல் வாரமே இந்த இடம் காலியாகக் கிடந்து காட்டிக் கொடுத்திருக்கும். அப்போது போட்டேன். 'பழசு' எதிரில் தங்கை, 'வாசிப்பு' எதிரில் மாப்பிள்ளை, 'கூப்பிடல்' எதிரில் அத்தை. நட்சத்திர எழுத்து எதிரில் அத்தையும் அம்மாவும், கேட்டு உறுதிப்படுத்தியது. 'எட்டு' எதிரில் எழுத ஆள் இல்லை. அந்தக் கட்டத்தை அழித்தேன்.

சிவப்பு ஒன்பதையும் விதிகளில் ஓட்டியதில் இரண்டு நின்றன. காவேரி, வேணி. காவேரி எல்லாத் தேர்விலும் நூற்றுக்கு நூறு. ஆனால் மாப்பிள்ளை, "அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு நியூஸ்தான் ஞாபகம் வருது" என்றார். இதை விதியாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். ஒரு பெயருக்கு மட்டும் ஒருவருக்கு மட்டும் இருக்கிற குறையை அப்படியே ஏற்றுக்கொண்டு நகர்வதுதான் மரியாதை. எல்லாவற்றுக்கும் காரணம் தோண்டினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

வேணி முதல் பட்டியலிலேயே இருந்தது. 23-ஆவது வரி. இப்போது தங்கை அதை முதன்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். "முழுப் பேர் மாதிரியே இல்லையே அண்ணா. கிருஷ்ணவேணியோட வால் மாதிரி இருக்கு." நல்ல குறை. எங்கே இடிக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது. அவளும் இந்த மூன்று வாரத்தில் தேறிவிட்டாள். கிருஷ்ணவேணி என்றால் அவளுடைய பழசு விதி அடிக்கும், ஊரில் தெரிந்த கிருஷ்ணவேணிகள் இரண்டு பேர். வெறும் வேணி ஒருவரும் இல்லை. "நாலு நாள் அப்படியே கூப்பிட்டுப் பாருங்க, வால் தெரியுதான்னு" என்றேன்.

மாப்பிள்ளை தாளில் VENI என்று எழுதிக்கொண்டு எதிர் ஃபிளாட்டுக்குப் போனார். அந்த அம்மா ஒரே மூச்சில் வாசித்தார், ணகரம் உட்பட. மராத்தியில் வேணி என்றால் பின்னல், கொண்டையில் சூடும் பூச்சரத்துக்கும் அதே பெயர். பின்னல் என்கிற பொருள் நமக்கும் உள்ளதுதான்.

எட்டு விவகாரம் கடைசியாக ஒருமுறை தலை காட்டியது. கணக்குப் போட்டால் V-க்கு 6, E-க்கு 5, N-க்கு 5, I-க்கு 1, கூட்டினால் 17, ஒன்றும் ஏழும் எட்டு. என் அம்மா காதில் இது எப்படியோ விழுந்து, "ஒரு எழுத்துச் சேர்த்தா சரியாப் போகும்ல?" என்றாள். ஆக, அந்த விதிக்குத் தாமதமாக ஒரு சொந்தக்காரி கிடைத்தாள். அலட்சியப்படுத்தவில்லை, VEENI, VAENI என்று இரண்டு கூட்டலையும் மாப்பிள்ளை அதே மூவரிடம் கொண்டுபோனார். VEENI கணக்கில் 4, வாசிப்பில் 'வீணி'. வீணன் என்ற சொல்லுக்குப் பெண்பால். VAENI கணக்கில் 9, வாசிப்பில் எதிர் வீட்டு அம்மாவுக்கு 'வஹினி'. அண்ணன் மனைவியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுவதை நினைத்து அம்மாவே சிரித்து, "போதும்டா, இருக்கிற எழுத்தே இருக்கட்டும்" என்றாள்.

நாலாம் நாள் தங்கை அனுப்பிய குரல் பதிவும் பதினோரு நொடியோ என்னவோ. பின்னணியில் பிள்ளை அழுகிறது, இவள் எங்கோ சமையலறையிலிருந்து, "வேணீ, இதோ வந்துட்டேன்" என்கிறாள். எனக்கு என்று தனியாக எதுவும் சொல்லவில்லை.

பெயர் சூட்டுவதற்கு நானும் அத்தையும் புனே போனோம். எதிர் ஃபிளாட் அம்மா வாழையிலையில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். பிரித்தால் நெருக்கமாகக் கட்டிய கனகாம்பரச் சரம். அவர்கள் ஊரில் அந்தப் பூவுக்கு அபோலி என்று பெயர். சரத்தைக் காட்டி, "வேணி" என்றார். அத்தைக்கு மராத்தி தெரியாது. பூவைக் கையில் வாங்கிக்கொண்டு, தொட்டிலைக் காட்டி, "ஆமாமா, வேணிதான்" என்றார்.